எந்தச் சுவருக்கு எந்த மினுமினுப்பு?

மும்பையில் மழை ஓய்ந்து தீபாவளி நெருங்கும் வேளையில், நம்மவர் இல்லங்களில் வர்ணம் பூசும் பேச்சு எழுவது வழக்கம். சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலும் எழுந்தது. இரண்டே அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்ட குடித்தனம். ஓர் அறையை ஒழித்தால் ஐந்து பேரும் மற்றோர் அறையில் படுக்க வேண்டும். ஆகவே பணமும் நாளும் வீணாகாதபடி செய்ய விரும்பினோம்.

நீரில் கலக்கும் எமல்ஷன் வர்ணத்தில், நிறத்துக்கு முன்பே மினுமினுப்பைத் தீர்மானிக்க வேண்டும். மினுமினுப்பு அறவே இல்லாதது மேட்; மெல்லிய ஒளி உடையது சாட்டின்; அதனினும் பளபளப்பானதும் உண்டு. மேட் பூச்சு தன்மீது விழும் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்வதால் சுவரின் சிறு மேடுபள்ளங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பளபளப்பு கூடக் கூட ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. பட்டி பார்த்த இடமெல்லாம் அலையலையாகத் தெரியும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கையும் கைக்கறையையும் துடைத்தெடுக்க மினுமினுப்புள்ள பூச்சே ஏற்றது.

வர்ணம் பூச வந்தவர் எல்லாச் சுவருக்கும் சாட்டின்தான் அழகு என்றார். நாங்கள் இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். கூடத்துச் சுவர் முழுவதும் பழைய பட்டியின் மேடுகள் நிழல் நிழலாக எழுந்தன. அச்சுவரிலேதான் குழல்விளக்கும் பொருத்தியிருந்தது. அதன் ஒளி சாய்வாக விழுந்து ஒவ்வொரு மேட்டையும் எடுத்துக் காட்டும். சமையற்கட்டின் சுவரோ புதிதாகப் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக இருந்தது. தாளிக்கும் புகை படிவதும் அங்கேதான். ஆகவே கூடத்துக்குக் கழுவத்தக்க மேட், சமையற்கட்டுக்குச் சாட்டின் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது அளவு. கூடம் 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. கதவுக்கும் சன்னலுக்கும் 36 கழித்தால் 360. நாங்கள் தேர்ந்த வர்ணத்தின் டப்பாவில், இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று இருந்தது. ஆக 3 லிட்டர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சில டப்பாக்களில் ஒரு பூச்சுக்கான கணக்கையே அச்சிட்டிருப்பார்கள். ஒரு பூச்சுக்கு 240 என்பதும் இரண்டு பூச்சுக்கு 120 என்பதும் ஒன்றே. மேலும் இக்கணக்கு வழவழப்பான, பிரைமர் பூசிய சுவருக்கே பொருந்தும். வெறும் பட்டி வர்ணத்தை உறிஞ்சிவிடும். எனவே 4 லிட்டர் டப்பா வாங்கினோம். வந்தவர் கேட்டதோ 10 லிட்டர். பிற்பாடு கறைபட்ட இடத்தில் தொட்டுப் பூச மீதியை மூடி வைத்தோம். மேட் பூச்சில் அவ்வாறு தொட்டுப் பூசியது எளிதில் தெரியாது. சாட்டினில் திட்டாகத் தெரியும்.

இனி உலரும் நேரம். முதற்பூச்சு அரைமணியில் கைக்கு ஒட்டாது போயிற்று. உடனே இரண்டாவதைத் தொடங்க அவர் ரோலரை எடுத்தார். டப்பாவில் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றிருப்பதைக் காட்டி நிறுத்தச் சொன்னோம். மேற்பரப்பின் நீர் வற்றுவது ஒன்று. உள்ளிருக்கும் நீரும் வெளியேறி, பசைத்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாவது வேறு. அதற்குள் மேலே ஈர வர்ணம் பட்டால் கீழ்ப்படலம் இளகி, ரோலரோடு உரிந்து வரும். உரியாவிட்டாலும் மினுமினுப்பு திட்டுத்திட்டாகும். புறங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஆறு மணியும் போதாது.

காலை ஒன்பதுக்குப் பூசிய சுவருக்கு மாலை நான்கு மணிக்கே இரண்டாம் பூச்சு ஏறியது. அன்றிரவு ஐவரும் நெருக்கிப் படுத்தோம். மறுநாள் கூடம் எங்களுடையதாயிற்று. படலம் முழுதும் இறுக இரண்டு மூன்று வாரமாகும் என்பதால், தீபாவளி முடியும் வரை சுவரை ஈரத்துணியால் துடைக்கவில்லை. இவ்வாண்டு பூச எண்ணியிருக்கும் அன்பர்கள், வர்ண அட்டையை விரிக்குமுன் ஓரிரவு விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பார்ப்பார்களாக.