பதின்மூன்று உருப்படிகள்

நுழையும்முன்

வங்கியில் கடன் வேண்டி எழுதப்படும் கடிதம் இரக்கத்தைத் தேடும் விண்ணப்பம் என்றே பலரும் கருதுகின்றனர். ஒரு தொழிலின் வரவும் செலவும் அதில் எவ்வாறு இடம்பெற வேண்டும் என்பதை, எண்ணூரில் தையற்கடை நடத்தும் ஒரு பெண்மணியின் கடிதத்தை முன்வைத்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் எழுதிய கட்டுரை இது.

கடன் வேண்டி வரும் கடிதங்களைப் படிப்பதே முப்பது ஆண்டுகள் என் பணியாக இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வறுமையில் தொடங்கி வாழ்த்தில் முடியும். எழுதியவரின் துன்பம் அவற்றில் நிறைந்திருக்கும். அவர் செய்யும் தொழிலைத் தேடினாலும் கிடைக்காது. கடன் தரலாமா என்று முடிவு செய்ய வேண்டிய அலுவலருக்கோ துன்பத்தின் அளவைக் கொண்டு எதையும் கணக்கிட இயலாது. இந்த இயந்திரம் வந்தால் மாதம் எவ்வளவு மிஞ்சும், அந்த மிச்சத்திலிருந்து தவணை கட்ட முடியுமா என்ற இரண்டு வினாக்களுக்கே அவர் விடை தேடுகிறார்.

ஓய்வுபெற்ற பின் எண்ணூரில் வசிக்கத் தொடங்கியபோது, அக்கம்பக்கத்தார் தம் விண்ணப்பங்களை என்னிடம் காட்டுவது வழக்கமாயிற்று. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கத்திவாக்கம் பகுதியில் தையற்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி தம் கடிதத்துடன் வந்தார். வீட்டின் முன்னறையே அவருடைய கடை. காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரம் ஒன்று இருந்தது. இரவிக்கை, பள்ளிச் சீருடை, சுடிதார் ஆகியவற்றைத் தைத்து வந்தார். கணவரின் தங்கையாகிய நாத்தனார் கொக்கி வைத்தல், ஓரம் மடித்துத் தைத்தல் போன்ற கைவேலைகளைப் பார்த்துக்கொண்டார்.

அவர் எழுதியிருந்த கடிதம் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டது. “எதற்கம்மா ஐம்பதாயிரம்?” என்று கேட்டேன்.

“முத்ரா கடன் அம்பதாயிரம் வரைக்கும் கிடைக்கும்னு சொன்னாங்க சார். அதான் எழுதிட்டேன்” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 2015 ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில் ‘சிசு’ என்னும் முதற்பிரிவின் உச்சவரம்பு ஐம்பதாயிரம் ரூபாய். அதற்குச் சொத்தையோ நகையையோ அடமானம் வைக்க வேண்டியதில்லை. கடனைத் தருவது வங்கிதான். திட்டம் அதற்குத் துணைநிற்கிறது. ஆனால், உச்சவரம்பு என்பது கிடைக்கக்கூடிய தொகையின் எல்லையே தவிர, கேட்க வேண்டிய தொகை அன்று. தேவைக்கு மேல் வாங்கிய கடன் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். தவணை மட்டும் கரையாமல் நிற்கும். எனவே, தொகையைப் பின்னர் முடிவு செய்வோம், முதலில் கடையின் கணக்கைப் பார்ப்போம் என்றேன்.

இரண்டாம் இயந்திரம் எதற்கு?

ஒரு தையற்கடையில் வேலை எங்கே தேங்குகிறது என்பதைக் கண்டறியாமல் இயந்திரம் வாங்கக் கூடாது. துணி வெட்டுவதில் தேக்கம் இருந்தால், இரண்டாம் இயந்திரம் வெறுமனே நிற்கும். தைக்க வேறொரு கை இல்லையென்றாலும் அதே நிலைதான். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இயந்திரங்களில் அமர முடியாது அன்றோ! இந்தக் கடையில் வெட்டிவைத்த துணிகள் இயந்திரத்திற்காகக் காத்திருந்தன. நாத்தனாருக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். அமர்வதற்குத்தான் இயந்திரம் இல்லை. ஆகவே, தேக்கம் இயந்திரத்தில்தான் என்பது தெளிவாயிற்று.

அடுத்து, கூடுதலாகத் தைத்துக் கொடுக்க வேலை வருமா என்பதை அறிய வேண்டும். “நிறைய பேர் வர்றாங்க சார், முடியாதுன்னு திருப்பி அனுப்பறேன்” என்றார் அவர். ‘நிறைய’ என்பது வங்கிக்குப் புரியாத சொல். எனவே, ஒரு குறிப்பேட்டில் ‘திருப்பி அனுப்பியவை’ எனத் தலைப்பிட்டு, நாள்தோறும் எழுதி வருமாறு கூறினேன். ஒரு மாத முடிவில் இருபத்தாறு உருப்படிகள் அதில் பதிவாகியிருந்தன. சிலர் கேட்டுவிட்டு வராமலும் போகலாம் என்பதால், இருபது என்று குறைத்தே கணக்கில் கொண்டோம்.

ஓர் உருப்படிக்குச் சராசரிக் கூலி 150 ரூபாய். நூல், கொக்கி, மின்சாரம் ஆகியவற்றுக்கு 25 ரூபாய் ஆகும். நாத்தனாருக்கு உருப்படிக்கு 50 ரூபாய் தருவதென்று முடிவு செய்தார். வீட்டுப்பெண்தானே என்று அந்தக் கூலியைக் கணக்கில் விட்டுவிடுவது சிறுதொழிலில் அடிக்கடி நேரும் பிழை. அவர் மணமாகிச் சென்ற அடுத்த மாதமே கணக்கு சரிந்துவிடும். இவை போக ஓர் உருப்படிக்கு 75 ரூபாய் மிஞ்சும். இருபது உருப்படிக்கு 1,500 ரூபாய்.

தவணையும் தண்டலும்

மோட்டாரும் மேசையும் சேர்ந்த இயந்திரத்திற்குக் கடைக்காரர் எழுதித் தந்த விலைப்புள்ளி 24,000 ரூபாய். தம் சேமிப்பிலிருந்து 4,000 ரூபாய் போட அவர் முன்வந்தார். எனவே, தேவைப்படும் கடன் 20,000 ரூபாய்தான். அந்த வங்கிக் கிளை கூறிய வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. 24 மாதங்களில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 941 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் செலுத்தும் மொத்த வட்டி 2,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

வடசென்னையில் கடன் என்றதும் பலர் நாடுவது தண்டலைத்தான். பத்தாயிரம் ரூபாய்த் தண்டலில் 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவர். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால், 8,500 ரூபாய்க்கு நூறு நாளில் 1,500 ரூபாய் போகிறது. அதைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வங்கி வாங்கும் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டலுக்குக் கடிதம் வேண்டியதில்லை. அந்த எளிமையின் விலையே இந்த வேறுபாடு.

இனி, கணக்கின் மையத்திற்கு வருவோம். தவணை 941, ஓர் உருப்படியில் மிஞ்சுவது 75. வகுத்தால் பன்னிரண்டரைக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது, புதிய இயந்திரத்தில் மாதம் பதின்மூன்று உருப்படிகள் தைத்தால் கடன் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். பதினான்காவது உருப்படியிலிருந்துதான் குடும்பத்திற்கு வருவாய். இந்த ஒரு விவரமே மேலாளருக்கு ஒரு பக்கத் துயரத்தைவிடப் பயன் தரும்.

மறைக்கக் கூடாதவை

எண்ணூரில் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சூன் மாதத்தில் சீருடை வேலை குவியும், மழைக்காலத்தில் குறையும். 2023 திசம்பரில் மிக்சாங் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்தது. மீனவக் குடும்பங்கள் பல நாள்கள் வருவாயின்றித் தவித்தன. மீன் விற்காத வீட்டில் புதுத்துணி தைப்பது எப்படி? அந்த மாதம் தையற்கடையும் ஓய்ந்துதான் கிடந்தது. “இதை எழுதினால் கடன் தரமாட்டாங்களே” என்று அவர் அஞ்சினார். மோசமான மாதத்தை அறிந்து அதற்கு வழிசெய்து வைத்திருப்பவரைத்தான் வங்கி நம்பும் என்றேன். பத்து உருப்படிகளே வந்தால் மிச்சம் 750 ரூபாய். தவணைக்கு 191 ரூபாய் குறையும். நல்ல மாதங்களில் மிஞ்சுவதிலிருந்து ஒரு பகுதியைக் கணக்கிலேயே விட்டுவைத்தால் அக்குறை நிரம்பும்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் அவர் வாங்கிய கடனில் நான்கு தவணைகள் மீதமிருந்தன. அதையும் எழுதச் சொன்னேன். வங்கி பார்க்கும் கடன் அறிக்கையில் அது தெரியக்கூடும். மறைத்தது தெரிந்தால் மற்றவற்றின் மீதும் ஐயம் எழும். தவறாமல் செலுத்திய பழைய கடன், புதிய கடனுக்கு நல்ல சான்றாகும்.

இறுதியில் அவர் தம் கையெழுத்தில் எழுதிய கடிதத்தின் உடற்பகுதி இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாகக் கத்திவாக்கத்தில் தையல் தொழில் செய்து வருகிறேன். என்னிடம் ஒரு தையல் இயந்திரம் உள்ளது. இடம் இருந்தும் இயந்திரம் போதாமையால் சென்ற மாதம் 26 உருப்படிகளைத் திருப்பி அனுப்பினேன். குறிப்பேட்டின் படியை இணைத்துள்ளேன். இரண்டாம் இயந்திரத்தின் விலை ரூ.24,000. என் பங்கு ரூ.4,000. மீதி ரூ.20,000ஐ முத்ரா திட்டத்தின்கீழ்க் கடனாக வழங்க வேண்டுகிறேன். புதிய இயந்திரத்தில் என் நாத்தனார் தைப்பார். மாதம் 20 உருப்படிகள் எதிர்பார்க்கிறேன். 13 தைத்தாலே தவணை கட்ட முடியும். மழைக்காலத்தில் வேலை குறையும் என்பதால், சூன், சூலை மாத வருவாயில் ரூ.1,000ஐக் கணக்கில் இருப்பாக வைப்பேன். குழுக்கடனில் மாதம் ரூ.600 வீதம் நான்கு தவணைகள் உள்ளன. இதுவரை எதுவும் தவறவில்லை. பள்ளி திறக்கும் முன் தைக்கத் தொடங்க, ஏப்ரலுக்குள் கடன் கிடைத்தால் உதவியாக இருக்கும். தாங்கள் எப்போது வேண்டுமானாலும் கடையை நேரில் பார்வையிடலாம்.”

இணைப்பாக ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், கடைக்காரரின் விலைப்புள்ளி, குறிப்பேட்டின் படி, உத்யம் பதிவுச் சான்று ஆகியவற்றை வைத்தார். உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை, இடைத்தரகர்களே வாங்குவர்.

பார்வையிட வந்த அலுவலர்

பத்து நாள் கழித்து அலுவலர் கடைக்கு வந்தார். இரண்டாம் இயந்திரம் எங்கே நிற்கும், மின்இணைப்பு இருக்கிறதா, நாத்தனாருக்கு உண்மையில் தைக்கத் தெரியுமா என்று பார்த்தார். பிறகு பழைய இயந்திரத்தின் மீதிருந்த துணியுறையை விலக்கினார். கடலோரத்து உப்புக்காற்று இரும்பை எளிதில் அரித்துவிடும். நாள்தோறும் எண்ணெய் விடாத இயந்திரத்தில் ஊசித்தண்டு இறுகித் தையல் விட்டுவிட்டு விழும். இந்த இயந்திரமோ துருவின்றி இருந்தது. கடனில் வாங்கப்போகும் பொருளை அவர் எப்படிக் காப்பார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

கடன் ஒப்பளிக்கப்பட்டது. தொகையை அவர் கையில் தராமல், இயந்திரக் கடைக்காரரின் கணக்கிற்கே வங்கி அனுப்பியது. கடன் தீரும் வரை அந்த இயந்திரம் வங்கிக்கு ஈடாகப் பதிவாகியிருக்கும். அதை விற்கக் கூடாது.

தையல் இயந்திரத்தைத் தவணையில் வாங்குவது நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. 1856ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிங்கர் நிறுவனத்தில் எட்வர்டு கிளார்க் என்பவர், சிறு முன்பணம் பெற்று மீதியை மாதந்தோறும் வாங்கும் முறையைத் தொடங்கினார். சாதாரணக் குடும்பம் ஒரே முறையில் வாங்க இயலாத விலையுடைய பொருள் அது. தன் விலையைத் தானே உழைத்து ஈட்டித் தரும் பொருள் என்பதால் அம்முறை பொருந்தி வந்தது. இருபது நாற்காலிகளுக்குக் கடன் வாங்கினால் நாற்காலி தவணை கட்டாது. தையல் இயந்திரம் கட்டும்.

அந்த ஆண்டு சூன் மாதத்தில் புதிய இயந்திரத்தில் முப்பத்து நான்கு உருப்படிகள் தைக்கப்பட்டன. திசம்பரில் ஒன்பதுதான் வந்தன. அந்த மாதத் தவணைக்கு 266 ரூபாய் குறைந்தது. கணக்கில் விட்டுவைத்திருந்த ஆயிரத்திலிருந்து அது போயிற்று. தண்டல்காரரிடம் போக வேண்டிய தேவை வரவில்லை. கடிதத்தில் எழுதியபடியே நடந்த மாதம் அது. மோசமான மாதம்தான், ஆயினும் எதிர்பார்த்த மாதம்.