48 மணி நேரம்

ஓசூர் நெடுஞ்சாலையிலுள்ள சந்தாபுராவுக்குப் பணிமாறுதலில் வந்தபின், நான் வழக்கமாகச் செல்லும் சிறிய அழகு நிலையம் ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு அழகுக்கலை பயின்றவர். சில ஆண்டுகள் பிறர் கடையில் பணியாற்றிய பின்னர்ச் சொந்தக் கடை திறந்தவர்.

தலைமுடிக்குச் சாயமிட முதன்முறை சென்றபோது அவர் உடனே இசையவில்லை. சாயத்தில் சிறுதுளியை என் காதின் பின்புறம் தடவினார். "48 மணி நேரம் பாருங்கள், டீச்சர். அரிப்போ சிவப்போ தோன்றினால் இது உங்களுக்கு ஆகாது" என்றார்.

கருஞ்சாயங்கள் பலவற்றில் உள்ள பி.பி.டி. என்னும் வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமை தரும். அது பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும். பலமுறை ஒத்துக்கொண்டவருக்கும் பின்னொரு நாள் ஒவ்வாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் சோதனை வேண்டும்.

சாயத்தின் பெயர், நிற எண், நாள், சோதனை முடிவு ஆகியவற்றை அவர் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். காதருகே சிவந்த ஒரு பெண்மணிக்குச் சாயமிட மறுத்தார். அன்றைய வருவாய் போயிற்று. அப்பெண்மணியோ இன்று முடி திருத்திக்கொள்ள மகளையும் அழைத்து வருகிறார். மாதந்தோறும் கடை வாடகையைத் தருவது இவ்வாறு மீண்டும் வருவோரே.