வெள்ளை மூடிப் போத்தல் வைத்திருப்பவர்களுக்கு



தங்கச்சி காய்ச்சின தலை எண்ணெயை வாங்கின ஆக்களுக்கு முதலில் ஒரு விஷயம். உங்களிட்ட இருக்கிறது வெள்ளை மூடிப் போத்தல் என்றால், தயவு செய்து இனிப் பாவிக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், நீல மூடிப் போத்தல் ஒன்று மாற்றித் தருவோம். பாதி முடிந்திருந்தாலும் பரவாயில்லை.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணெய் எங்கட உம்மா காய்ச்சினது. தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை, கையாந்தகரை, செவ்வரத்தம் பூ, நெல்லிக்காய், கொஞ்சம் வெந்தயம். உம்மா அளவு எதுவும் எழுதி வைக்கவில்லை. "ஒரு கை", "ரெண்டு கை" தான் கணக்கு. தங்கச்சிக்குச் சீட்டுக் காசு 35,000 கைக்கு வந்ததும் இதைச் செய்து விற்போம் என்றாள். நான் தராசு வாங்கிக் கொடுத்தேன். கையளவைக் கிராமாக்கி, அரை லீற்றர் அரை லீற்றராக மூன்று முறை காய்ச்சிப் பார்த்தோம். மூன்றும் நல்ல பச்சை நிறம், நல்ல மணம், இரண்டு மாதம் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நம்பிக்கையில் நேரே ஐந்து லீற்றருக்குப் போனோம். அங்கேதான் பிழைத்தது.

அரை லீற்றரை அகலச் சட்டியில் காய்ச்சும்போது இலையில் உள்ள தண்ணீர் முக்கால் மணித்தியாலத்தில் ஆவியாகிவிடும். ஐந்து லீற்றருக்கு இலை பத்து மடங்கு, தண்ணீரும் பத்து மடங்கு. ஆனால் பானை ஆழமானது, மேற்பரப்பு பத்து மடங்கு கூடவில்லை. நாங்கள் ஒன்றரை மணித்தியாலத்தில், நுரை குறைந்திருக்கிறது என்று இறக்கிவிட்டோம். அதற்கு மேல் இன்னொரு வேலையும் செய்தோம். சூடு ஆறும் முன்னே போத்தலில் ஊற்றி மூடினோம். மூடிக்குள் வேர்த்து, அந்தத் துளி திரும்ப எண்ணெய்க்குள் விழுந்தது. மூன்று கிழமையில் அடியில் கலங்கலாக ஒரு படை. மூடியைத் திறந்தால் காறல் வாடை.

இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது உம்மாவுக்குத்தான். "திரி பார்த்தீங்களா?" என்று கேட்டார். நாங்கள் பார்க்கவில்லை. எண்ணெயின் அடியில் கிடக்கும் இலைச் சக்கையைக் கொஞ்சம் எடுத்து, விரலால் திரி மாதிரி உருட்டி நெருப்பில் காட்ட வேண்டும். சடசடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் பதம் சரி. அதையும் தாண்டி விட்டால் சக்கை கருகி, எண்ணெய் மண்ணிறமாகி, தீய்ந்த மணம் வந்துவிடும். இந்தச் சோதனை உம்மாவுக்கு அவ்வளவு சாதாரணம் என்றபடியால் எங்களுக்குச் சொல்லவே தோன்றவில்லையாம்.

இப்போது இலையை இரண்டு நாள் நிழலில் உலர்த்தித்தான் போடுகிறோம். திரி பார்க்கிறோம். ஓர் இரவு ஆற வைத்து வடிகட்டுகிறோம். போத்தலைக் கழுவினால் அடுத்த நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊற்றுவது.

அந்த 44 போத்தலில் மூன்று கடைகளுக்கு 18, தெரிந்த ஆக்களுக்கு 14 கொடுத்திருந்தோம். கடைகளில் விற்காமல் இருந்ததை அன்றே எடுத்துவிட்டோம். விற்றது 7. ஆக 21 போத்தல் வெளியே. 12 திரும்பி வந்தது. மீதி ஒன்பதுக்காகத்தான் இந்தப் பதிவு. பொருளுக்கு மட்டும் 9,400 ரூபா போனது. தங்கச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ராத்தா, ஃபேஸ்புக்கில போடாதீங்க, இனி ஆரும் வாங்க மாட்டாங்க" என்றாள். கெட்டது என்று தெரிந்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், 450 கூட என்று பலர் கதைக்கிறீர்கள். ஐந்து லீற்றர் ஊற்றினால் ஐந்து லீற்றர் கிடைக்காது. சக்கை குடித்தது, துணியில் ஒட்டினது போக 4.4 லீற்றர்தான், அதாவது 100 மில்லி போத்தல் 44. நாங்கள் வாங்கின நேரம் எண்ணெய் லீற்றர் 1,000 ரூபா. அப்போ ஒரு போத்தலுக்கு எண்ணெய் மட்டும் 114. இலை, பூ 25, கேஸ் 15, போத்தலும் மூடியும் 45, லேபல் 15. இரண்டு நாள் கூலி போத்தலுக்கு 100. உடைவு, சாம்பிள் என்று 16. மொத்தம் 330. கூலியைக் கணக்கில் சேர்க்காமல் 250க்கு விற்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்படி விற்றால் தங்கச்சி இரண்டு நாள் அடுப்படியில் நிற்பது சும்மாவா?

இதில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன், என்னிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கட்டும். கடைக்கு 20 சதவீதம் என்று பேசினோம். நான் 330இல் 20 சதவீதத்தைக் கூட்டி, 396, சரி 400 என்று எழுதினேன். கடைக்காரர் எடுப்பது விற்கிற விலையில் 20 சதவீதம். 400இல் 80 போனால் கைக்கு வருவது 320. போத்தலுக்குப் பத்து ரூபா நட்டம்! 450இல் கடைக்கு 90, எங்களுக்கு 360. மிஞ்சுவது 30.

கடைகளில் ஆறு ஆறு போத்தல்தான் வைத்தோம், விற்றால் காசு என்ற பேச்சில். ஒரு கடை 24 கேட்டது, 45 நாள் கடனுக்கு. மறுத்துவிட்டோம். அவ்வளவு பொருள் ஒரே இடத்தில் நின்றால் அடுத்த முறை காய்ச்ச எங்களிடம் காசு இருக்காது. இன்னொரு கடையில் வெயில் விழும் கண்ணாடிக்குள் வைத்ததில் பச்சை நிறம் வெளிறிவிட்டது. அதனால் இப்போது கடும் மண்ணிறப் போத்தல். நன்றாக ஓடினது ஒரு பியூட்டி பார்லரில். அவர் வருகிறவர்களின் கையில் ஒரு துளி தேய்த்துக் காட்டுவார்.

பாவித்தவர்களிடம் "எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "மாஷா அல்லாஹ், நல்லம்" என்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. "போத்தலில் இப்போ எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கத் தொடங்கினேன். 14 பேரில் ஐந்து பேருக்கு முக்கால் போத்தல் அப்படியே இருந்தது. தோண்டிக் கேட்டால், வெந்தய மணம் ஸ்காஃபுக்குள் நாள் முழுக்க நிற்கிறதாம். வீட்டில் தலையைத் திறந்து வைத்திருக்கிற உம்மாவுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. காலை ஏழு மணியிலிருந்து மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரச்சினை. லீற்றருக்கு 20 கிராம் போட்ட வெந்தயத்தை 8 ஆக்கினோம்.

பண்டாரவளையில் இருக்கும் மாமி, எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டுவிட்டது, மெழுகு கலந்திருக்கு என்று கோபித்துக்கொண்டார். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறையும். நம்ம ஊர்ச் சூட்டில் அது நமக்கு மறந்துபோகிறது. இப்போது லேபலில் எழுதியிருக்கிறோம்: குளிரில் உறைந்தால் இளம் வெந்நீரில் போத்தலை வைக்கவும்.

லேபலில் அளவு, விலை, காய்ச்சின திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம் எல்லாம் இருக்கிறது. "30 நாளில் முடி வளரும்" என்று போடச் சொன்னார் ஒரு கடைக்காரர். போடவில்லை. பிள்ளை பெற்று மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவதும், பிறகு தானாக நிற்பதும் பலருக்கு நடப்பது. அந்த நேரம் இந்த எண்ணெய் வைத்திருந்தால் பேர் எங்களுக்கு வரும், அது பொய்ப் பேர். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் டொக்டரிடம் காட்டுங்கள். புதிதாகப் பாவிப்பவர்கள் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி பூசி ஒரு நாள் பாருங்கள். கடித்தால் தலைக்கு வைக்க வேண்டாம், காசைத் திருப்பித் தருவோம்.

நீல மூடி 43 போத்தல் தயார். திரியை இந்த முறை உம்மாவே பார்த்தார். அதில் ஒன்பதை வெள்ளை மூடிக்காரர்களுக்காக அலுமாரியில் எடுத்து வைத்திருக்கிறோம். பாடசாலை விட்டு இரண்டரைக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.