மலையடிவாரத்து ஜவுளிக்கடையின் பெருநாள் கணக்கு

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆலங்காயத்தில், எங்கள் குடும்பம் ஜவுளிக்கடை நடத்தி வருகிறது. காவலூரையும் ஜமுனாமரத்தூரையும் நோக்கி மலையேறும் பேருந்துகள் இவ்வூர் வழியாகத்தான் செல்கின்றன. கீழே சற்றுத் தொலைவில் வாணியம்பாடி. ஆகவே எங்கள் கடைக்குள் இரண்டு உலகங்கள் சந்திக்கின்றன: பெருநாளுக்குத் துணி எடுக்கும் நம் இல்லத்தார் ஒருபுறம், மலையிலிருந்து இறங்கி வரும் மலைமக்கள் மறுபுறம்.

பெருநாள் வியாபாரத்திற்கு விளம்பரம் செய்வதென்றால், ரமலான் பிறை தெரிந்ததும் கடை முகப்பில் பதாகை கட்டுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அந்நேரத்தில் பதாகை கட்டுபவருக்குப் பாதி வியாபாரம் ஏற்கெனவே கைநழுவிப் போயிருக்கும். 2025-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் வகுத்த திட்டத்தை இங்கே விவரிக்கிறேன். துணி விற்பவர்க்கு மட்டுமன்றி, "இனித் தைக்க முடியாது" என்று தையற்காரர் கைவிரிக்கும்போது வருந்தும் இல்லத்தரசியர்க்கும் இக்கணக்கு விளங்க வேண்டும் என்பது என் ஆவல்.

எங்கள் அத்தா காலத்திலிருந்தே இத்திட்டத்தைக் கடைசி நாளிலிருந்துதான் எழுதத் தொடங்குவோம். ஆனால் நம் பெருநாளுக்குக் கடைசி நாள் எது என்பதே முன்கூட்டித் தெரியாது. எங்கள் தலைக்கு மேலே காவலூரில், 1986-இல் திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கி இருக்கிறது. வானியலார் அமாவாசையை நொடிக் கணக்கில் சொல்லிவிடுவர். எனினும் கடைவீதி காத்திருப்பதோ பிறை கண்ட செய்திக்கும் காஜியின் அறிவிப்புக்கும்தான். ரமலான் இருபத்தொன்பதா, முப்பதா? அந்த ஒரு நாளை நம்பித் தையல் ஒப்புக்கொண்டவர் இருபத்தொன்பதாம் இரவில் படும் பாடு சொல்லி மாளாது. ஆகவே நாங்கள் இறுதி நாளாகக் கொண்டது பெருநாளை அன்று, ரமலான் 25-ஐ. அவ்வாண்டு அது மார்ச் 26. அன்றைக்குள் தைத்த துணி அனைத்தும் உரியவர் கைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது தையற்காரரின் கைக்கணக்கு. எங்களுக்குத் தைத்துத் தருவோர் மூவர். சாதாரண நாளில் மூவருமாகப் பன்னிரண்டு சுடிதார் தைப்பர். நோன்பு நாட்களில் பகலில் வேகம் குறையும். தராவீஹுக்குப் பின் சற்று ஈடுசெய்வர். ஆக நாளொன்றுக்குப் பத்து என்று வைத்தோம். பிப்ரவரி 17 முதல் மார்ச் 26 வரை 38 நாட்கள். அவற்றுள் ஐந்து வெள்ளிக்கிழமைகளைக் கழித்தால் 33. பத்தால் பெருக்க 330. முன்னரே ஒப்புக்கொண்டிருந்த சீருடை, ரவிக்கை வேலைகளுக்கு ஐம்பதை ஒதுக்கினோம். மீதி 280.

இந்த 280 என்னும் எண்தான் எங்கள் விளம்பரம் முழுவதற்கும் கடிவாளம். இருநூற்றெண்பது பேருக்கு மேல் தையல் துணிக்கு அழைப்பு விடுத்தால், வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப நேரும். திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த ஆண்டு வேறு கடைக்குப் போவார். அதனினும் கொடியது, ஒப்புக்கொண்டு தைத்துத் தராமல் ஒரு பெண் பிள்ளையைப் பெருநாளன்று பழைய உடையில் நிற்க வைப்பது.

பொதுமக்களுக்கு ஒரு சொல் சொல்லுமுன்பே சந்திக்க வேண்டியவர் சிலர் உண்டு. அவர்கள் ஜகாத்தாகவும் அன்பளிப்பாகவும் சேலை, கைலி வழங்கும் செல்வர்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தோல் தொழில் செய்வோர். நூறு சேலை, ஐம்பது கைலி என்று மொத்தமாக எடுப்பவர்களை நோட்டீஸ் அழைத்து வராது. ஷஅபான் பிறந்ததும், அதாவது ஜனவரி இறுதியில், குடியாத்தம் கைலியிலும் சேலையிலும் இரண்டு மூன்று மாதிரிகளைக் கையோடு கொண்டுபோய் நேரில் காட்டினோம். அவர்கள் தரும் முன்பணம்தான் ஈரோட்டுச் சந்தையில் சில்லறை விற்பனைக்கான சரக்கு வாங்கக் கைகொடுக்கிறது. இவர்களைப் பிந்திச் சந்தித்தால் அந்தச் சரக்கைக் கடனுக்கு எடுக்க நேரும்; விற்காமல் தேங்கினால் கடன் மட்டும் நிற்கும்.

இதன் பிறகே முன்னோட்ட அறிவிப்பு. பராஅத் இரவுக்கு முந்தைய வாரத்தில்தான் அதைத் தொடங்கினோம். அதில் விலை இல்லை, தள்ளுபடி இல்லை. ஒரு துணியின் நெசவு தெரியும்படியான புகைப்படமும், "பிப்ரவரி 17 முதல் பெருநாள் தையல், 280 பேருக்கு மட்டும்" என்னும் ஒரு வரியும்தான். உண்மையான எண் என்பதால் அதைச் சொல்லக் கூச்சமில்லை. இல்லாத பற்றாக்குறையைச் சொல்லி அவசரப்படுத்துவது எங்கள் வழக்கமன்று.

முன்னோட்டம் பத்து நாட்களைத் தாண்டக் கூடாது. சரக்கு கடைக்கு வந்து சேரும் நாள் உறுதியான பிறகே அதை வெளியிட வேண்டும். அறிவிப்பைக் கண்டு ஆவலோடு வந்தவர் அலமாரியில் பழைய துணியைப் பார்த்துவிட்டால், அப்பருவத்தில் மறுமுறை படியேறுவது அரிது. அறிவிப்பு வேலை செய்கிறதா என்பதை அறிய ஒரே வழி, "புதுத் துணி வந்துவிட்டதா?" என்று கேட்டவர்களைக் கல்லாவில் கோடு போட்டு எண்ணுவதுதான். நாளுக்கு ஐந்தாறு பேராவது கேட்டால் சரி. எவருமே கேட்கவில்லையென்றால் செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள்.

போய்ச் சேராததற்குப் பெரும்பாலும் ஒரு சிறு காரணமே இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். மூன்று பட்டியல் நிறையப் பெயர் சேர்த்துவிட்டு, எழுநூறு பேருக்குச் சொல்லிவிட்டதாக மகிழ்வதில் பயனில்லை. ஆதலால் ரசீது போடும் இடத்திலேயே, "எங்கள் எண்ணைப் பதிந்து கொள்ளுங்கள் அக்கா" என்று ஆண்டு முழுவதும் கேட்டு வாங்குகிறோம்.

பிப்ரவரி 17 திங்களன்று விற்பனையைத் தொடங்கினோம். அன்று முதல் விலையைத் தெளிவாகச் சொன்னோம். பள்ளிவாசல் தெருக்களில் துண்டறிக்கை கொடுத்தோம். தையல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் உண்டு. மார்ச் 2-ஆம் நாள் ரமலான் முதல் நோன்பு. ஐந்தாம் நாள் பதிவேடு இருநூறை நெருங்கியது. அன்றே தையல் துணி பற்றிய விளம்பரங்களை எல்லாம் நிறுத்தி, ஆயத்த ஆடைகளுக்கு மாற்றிவிட்டோம். எஞ்சிய எண்பதும் வாய்ச்சொல்லிலேயே நிறைந்து, மார்ச் 12-இல் பதிவு முடிந்தது. எண் நிறைந்த பின் நிறுத்துவதைவிட, நிறைவதற்கு முன் நிறுத்துவதே முறை. அனுப்பிய செய்தியைக் கண்டு ஒரு வாரம் கழித்து வருவோரும் உண்டல்லவா?

மலைமக்களுக்கு இந்தக் காலஅட்டவணை பொருந்தாது. அவர்கள் கையில் பணம் புழங்குவது சம்பளத் தேதியில் அன்று. சாமை அறுவடையிலும், மாசி பங்குனியில் புளியிலும்தான். மரத்தை உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, வியாபாரி வந்து எடை போட்ட பிறகே காசு. "புளி எறங்கட்டும் பாய், பொறவு வரோம்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னதுண்டு. வியாபாரி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. இத்தகையோரிடம் "சலுகை மார்ச் 20 வரை" என்று நோட்டீஸ் கொடுப்பது, வர இயலாதவருக்குக் கதவைக் காட்டுவது போன்றது. ஆகவே பங்குனி பிறந்ததும் மலைக்கு அனுப்பிய நோட்டீஸில் முடிவுத் தேதியே இல்லை. என்ன துணி, என்ன விலை, அவ்வளவே. கைப்பேசித் தொடர்பு எட்டாத ஊர்கள் பல இருப்பதால், அவை தேநீர்க் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் ஒட்டப்பட்டன.

பெருநாளில் விற்காமல் எஞ்சியதை மலைக்காரர் தலையில் கட்டிவிடலாம் என்று எண்ணுவோரும் இருக்கின்றனர். அது நியாயமும் அன்று, நடக்கக் கூடியதும் அன்று. அவர்கள் கேட்பது உழைப்பைத் தாங்கும் கெட்டித் துணி. கேட்கும் நிறங்களும் வேறு. சென்ற ஆண்டு கொடுத்த விலையை ரூபாய் பிசகாமல் நினைவில் வைத்திருப்பவர்களும் அவர்களே. அவர்களுக்கென்று தனியாகவே சரக்கு எடுத்தோம்.

கடைசிப் பத்தில் விளம்பரத்திற்கு ஒரு காசும் செலவழிக்கவில்லை. அப்போது வருபவர் எப்படியும் வருவார். அவருக்குத் தேவை ஈர்ப்புரை அன்று. தம் பிள்ளையின் அளவு இருக்கிறதா, கடை எத்தனை மணிவரை என்ற தகவல்தான். நாள்தோறும் அஸருக்குப் பின் எஞ்சிய அளவுகளை மட்டும் செய்தியாக அனுப்பினோம். அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 25-இல் முடிய, 28-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு தொடங்கியது. தேர்வெழுதும் பிள்ளையுள்ள வீட்டார் கடைசி இரவில் வந்து நிற்பர் என்று ஊகித்து, அவ்வயதினர்க்கான சட்டைகளில் கொஞ்சம் ஒதுக்கி வைத்தோம். இருபத்தொன்பதிலேயே பிறை தெரிந்தது. மார்ச் 31 திங்கள் பெருநாள். தைத்த துணிகள் யாவும் அதற்குள் வீடு சேர்ந்திருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

பெருநாளும் கணக்காண்டின் இறுதி நாளும் ஒன்றாக வந்துவிட்டதால், இருப்புக் கணக்கை ஏப்ரல் 2 இரவில்தான் எடுக்க முடிந்தது. முதல் வாரம் அளவு மாற்றிக் கொடுப்பதிலேயே கழிந்தது. அடுத்த வாரம் தையல் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு 280 பேருக்கும் தொலைபேசியில் பேசினோம். கேட்டது ஒரே கேள்வி: "அளவு சரியாக இருந்ததா?" எதையும் விற்க முயலவில்லை. முப்பதுக்கு மேற்பட்டோர் தோள்பட்டை இறுக்கம் என்றனர். பதிவேட்டைப் பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே தையற்காரரின் கைப்பட்டவை. இலவசமாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்தோம். அவருக்கும் பக்குவமாக எடுத்துச் சொன்னோம்.

ஹஜ்ஜுப் பெருநாள் அவ்வாண்டு ஜூன் 7, அறுபத்தெட்டு நாட்கள் கழித்து. அப்போது குடும்பத்தின் பணம் குர்பானிக்குப் போய்விடும். துணிக்குப் பெரிய விளம்பரம் தேவைப்படாது. மாறாக ஜூன் 2-இல் பள்ளி திறப்பு என்பதால், பதிவேட்டில் பிள்ளைகளின் அளவு இருந்த வீடுகளுக்கு மே மாதம் சீருடை பற்றி ஒரு செய்தி போயிற்று.

இவையனைத்தையும் குறித்து வைக்கும் நோட்டில் ஆங்கிலத் தேதியோடு பிறைத் தேதியும் எழுதுகிறோம். மலை வியாபாரத்திற்குத் தமிழ் மாதம். பிறைத் தேதி மட்டும் மற்ற இரண்டையும் விட்டு நகர்கிறது. பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்திவர, புளிக்காலம் நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. 2032-இல் நோன்புப் பெருநாள் ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி வரவிருக்கிறது. அந்த ஆண்டு இரு திருநாட்களின் தையலும் அதே மூன்று பேரின் கைக்குத்தான் வரும். நான்காவது தையற்காரருக்கு இப்போதிருந்தே சொல்லி வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.