வால் அறுந்த வாக்கியம்

கீழ் வீட்டு அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சார், இதுல ஏதோ வால் அறுந்திருக்கு, பாருங்க" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். இலக்கணம் என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. திரையில் இருந்தது இது: "மனு கொடுத்தவர்களுக்கு மட்டும் அடுத்த மாதம் முதல் உதவித்தொகை வழங்கப்படு".

அறுந்தது வால்கூட இல்லை, வால் நுனி. ஒரு 'ம்' மட்டும்.

எங்கே போயிற்று அந்த 'ம்' என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்து என்றால் அதில் 160 அடங்கும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் இரண்டு பைட் கேட்பதால் 70தான். அந்த 70-லும் புள்ளிக்குத் தனியிடம், கொம்புக்கும் காலுக்கும் தனியிடம். நம் கண்ணுக்கு 'வழங்கப்படும்' எட்டு எழுத்து; கணினிக்குப் பன்னிரண்டு. இடைவெளியையும் அறுந்த 'ம்'மையும் சேர்த்து மேலே உள்ள வாக்கியத்தை எண்ணினால் 72 வருகிறது. நீளமான செய்தியை இரண்டு மூன்று துண்டாக அனுப்பி மறுமுனையில் ஒட்டிக்கொள்ள வழி உண்டு. அனுப்புகிறவரின் மென்பொருள் அதற்கு மெனக்கெடாமல் 70-ல் கத்தரித்துவிட்டால், மகரமும் அதன் புள்ளியும் வெளியே நிற்கும்.

எனக்கு வியப்பு அந்த அம்மாவின் கண்தான். ஆனால் யோசித்தால், அந்த வாக்கியத்தை எந்த இடத்தில் வெட்டியிருந்தாலும் அவர் கண்டுபிடித்திருப்பார். 'மனு கொடுத்தவர்களுக்கு' என்று நின்றால், அவர்களுக்கு என்ன? 'அடுத்த மாதம் முதல்' என்று நின்றால், முதல் என்ன நடக்கும்? 'உதவித்தொகை' வரை வந்தாலும் அந்தரத்தில்தான் நிற்கிறது. வேற்றுமை உருபு, எச்சம், இடைச்சொல் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு வினைமுற்றுக்காகக் காத்திருக்கின்றன. வினை கடைசியில் வருகிற மொழியில், கடைசியை வெட்டினால் வெட்டுப்படுவது வினைதான்.

இதே சேதியை ஆங்கிலத்தின் அடுக்கில் வைத்துப் பாருங்கள்: உதவித்தொகை வழங்கப்படும், அடுத்த மாதம் முதல், மனு கொடுத்தவர்களுக்கு மட்டும். முதல் துண்டோடு வெட்டினாலும் முழு வாக்கியம். இரண்டாவதோடு வெட்டினாலும் முழு வாக்கியம். நிபந்தனை சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிடும். படித்தவர் மனுவே கொடுக்காமல் அடுத்த மாதத்துக்காகக் காத்திருப்பார். முற்றுப்புள்ளி இல்லையே என்று யார் இப்போது கவனிக்கிறார்கள்?

தமிழை மெச்சிக்கொள்ளத் தோன்றும் இடம் இது. கொஞ்சம் பொறுக்கலாம். வெட்டு இன்னும் ஓர் இடம் முன்னே, 69-ல் விழுந்திருந்தால் 'வழங்கப்பட' என்று நின்றிருக்கும். அதற்கப்பால் வழங்கப்படுமா, வழங்கப்படாதா, வழங்கப்படவில்லையா? வாக்கியம் அறுந்திருக்கிறது என்பது பட்டப்பகலாகத் தெரியும். பணம் வருமா வராதா என்பது மட்டும் தெரியாது. உண்டு, இல்லை என்ற தீர்ப்பையும் நாம் வினையோடு சேர்த்துக் கடைசியில்தானே வைக்கிறோம். ஆங்கிலக்காரன் தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறான், நிபந்தனையைத் தொலைக்கிறான். நாம் நிபந்தனையை முழுக்கச் சொல்லித் தீர்ப்பைத் தொலைக்கிறோம்.

வாக்கியத்தின் வாலைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது ஓர் அச்சகத்தில். ஈய எழுத்துக் காலம். கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோத்து, கேலியில் இறக்கி, நூல் சுற்றிக் கட்டி வைப்பார். அதிலிருந்து ஈரத்தாளில் எடுத்த புரூஃபைத் திருத்துவது என் வேலை. எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை எல்லாம் அந்தக் கட்டத்தில் பிடிபட்டுவிடும். ஆபத்து அதற்குப் பிறகு, கேலியை அறுத்துப் பக்கம் பக்கமாகக் கட்டும்போது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி மிஞ்சினால் அதை எடுத்து ஓரமாக வைப்பார்கள். அடுத்த பக்கத்தின் தலையில் சேர வேண்டிய அந்த வரி, சமயத்தில் ஓரத்திலேயே தங்கிவிடும்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் இதற்கென்று ஒரு சோதனை வைத்திருந்தார். பக்கத்தைப் படிக்க மாட்டார். "படிக்கவெல்லாம் நேரமில்ல. அடியில பாரு, அடுத்த பக்கத்துத் தலையில பாரு. ரெண்டும் கை குடுக்குதான்னு பாரு" என்பார். பக்கத்தின் கடைசிச் சொல் 'கட்டிய', 'வந்த' போன்ற பெயரெச்சமானால், அடுத்த பக்கத்தின் மேலே அது தழுவத் தகுந்த பெயர் வர வேண்டும். 'போய்', 'சேர்ந்து' போன்ற வினையெச்சமானால் எங்காவது ஒரு வினை வந்து அதை முடிக்க வேண்டும். முற்று என்றால் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்வார். அவர் பெயரெச்சம், வினையெச்சம் என்றெல்லாம் சொன்னதில்லை. பள்ளியில் நான் மனப்பாடம் செய்திருந்த பெயர்களை அவர் விரலுக்கு நானாக மாட்டிவிட்டேன்.

ஒரு கும்பாபிஷேக மலர். ஒரு பக்கம் 'ஊரார் சேர்ந்து கட்டிய' என்று முடிகிறது. அடுத்த பக்கம் 'தலைமையில் விழா நடைபெற்றது' என்று தொடங்குகிறது. ஊரார் மண்டபம் கட்டலாம், மதில் கட்டலாம். தலைமையைக் கட்ட முடியாது. அண்ணன் விரல் அங்கேயே நின்றது. பையன் மேசையெல்லாம் துழாவி, மண்டபத்தையும் தலைமை வகித்தவரின் பேரையும் சுமந்த ஒற்றை வரியை மைத்துணிக்கு அடியிலிருந்து எடுத்து வந்தான்.

அதே மலரில் இன்னொரு வரியும் விழுந்திருந்தது. அதை அண்ணன் விரல் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் முற்றோடும் புள்ளியோடும் ஒழுங்காக முடிந்தது. அடுத்த பக்கம் 'வந்திருந்தோரை வரவேற்றுப் பேசினார்' என்று தொடங்கியது. குறை சொல்ல என்ன இருக்கிறது? தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். 'ஆர்' விகுதி மரியாதைக்குரிய ஒருவர் என்பதுவரை சொல்லிவிடுகிறது. விழுந்த வரியில் இருந்தது அந்த ஒருவரின் பெயரும் பட்டங்களும் மட்டுமே. மலர் அச்சாகி, தைத்து, வெளியான பின்தான் அவர் நேரில் வந்தார். இந்த முறை பேசினாரே தவிர வரவேற்கவில்லை.

வாலை அப்படிக் காவல் காக்கும் வாக்கியம் தலையைத் திறந்து போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் தலை போனால் எழுவாய் போகும், வாக்கியம் உடனே கத்தும். நமக்குத் தலை போனாலும் முண்டம் நடந்து போகும். வினையின் விகுதி ஆணா, பெண்ணா, பலரா என்று பாதி அடையாளம் காட்டுவதால்தான் ஏதோ ஒப்பேற்றுகிறோம். மலையாளத்தில் அதுவும் இல்லை. வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் 'வந்நு' ஒன்றுதான். வால் விஷயத்திலும் அவர்கள் பாடு சிரமம். இறந்தகால முற்றும் வினையெச்சமும் அங்கே ஏறக்குறைய ஒரே உருவம். நாம் 'வந்து' என்று நிறுத்தினால் எவரும் 'வந்து?' என்று கேட்பார்கள். அங்கே அது வாக்கியத்தின் முடிவாகவே இருக்கலாம். வினை கடைசியில் வந்தால் மட்டும் போதாது. முடிந்த வினைக்கும் முடியாத வினைக்கும் முகம் வேறாக இருக்க வேண்டும்.

அந்த முக வேறுபாடு நமக்கும் ஓரிடத்தில் இல்லை. 'வழங்கப்படும்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முற்றாகவும் நிற்கும், 'வழங்கப்படும் தொகை' என்று பெயரெச்சமாகவும் நிற்கும். 'செய்யும்' என்ற வாய்பாட்டுக்கே இந்த இரட்டை வேஷம் உண்டு. போதாக்குறைக்கு 'என்று', 'என்ற' இரண்டும் எந்த முற்றையும் பின்னாலிருந்து விழுங்கிவிடும். 'மனு கொடுத்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படும்' என்று முழுசாக, 'ம்'மும் புள்ளியுமாக ஒரு செய்தி வந்து நிற்கிறது. சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவர் எழுதியது 'வழங்கப்படும் என்ற வதந்தியை நம்ப வேண்டாம்' என்று இருந்தால்? தமிழில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு இதுதான். அர்த்தத்தைத் தலைகீழாக்குவதும் இதுதான். தலைவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் இறந்ததாகச் செய்தி பரவும் நாட்களில், திரையின் அடியில் ஓடும் வரி 'காலமானார்' என்பதில் வெட்டுப்பட்டு நின்றால் நான் இன்னொரு சுற்று காத்திருப்பேன், பின்னால் ஒரு 'என்பது தவறு' வருகிறதா என்று.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்த மிச்சத்தின் மேல் ஒரு பித்தே இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே எச்சவியல். எச்சம் பத்து என்று அங்கே கணக்கு வருகிறது. பெயரும் வினையும் அவற்றில் இரண்டுதான். சொல்லாமல் விட்டதைக் குறிப்பால் கொள்ள வேண்டிய எச்சமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேண்டுமென்றே அறுத்த வாக்கியத்துக்கும் அவர்கள் கணக்கில் இடம் இருந்திருக்கிறது.

வேண்டுமென்றே அறுப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். கடன் கேட்பவர் யாராவது வாக்கியத்தை முடித்துப் பார்த்திருக்கிறீர்களா? "அண்ணே, ஒரு ரெண்டாயிரம் இருந்தா..." அவ்வளவுதான். முற்று வந்தால் அது கோரிக்கையாகிவிடும், மறுத்தால் அவமானமாகிவிடும். எச்சத்தில் விட்டால் இருவருக்கும் மானம் மிச்சம். பதிலும் அதே தையலில் வரும்: "நானே இந்த மாசம் கொஞ்சம்..." கேட்டாயிற்று, மறுத்தாயிற்று, முற்று என்று ஒன்று யார் வாயிலிருந்தும் விழவில்லை. எதிரே உட்கார்ந்து பேசும்போது முகம் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

கைப்பேசியில் இது குழப்பத்தில் முடிகிறது. என் உறவுக்காரர் ஒருவர் போன வாரம் "இல்ல மாமா, அந்தப் பத்திரத்துக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து நீங்க..." என்று இழுத்தார். நான் "அன்னைக்குப் பாத்து நான் ஊர்ல..." என்று இழுத்தேன். மறுமுனையில் சத்தமில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தபோது அவர் குரல் வந்தது: "ஹலோ, மாமா, லைன் கட் ஆயிடுச்சு போல. ஊர்ல இருக்கீங்களா, இல்லையா?"