போனில் பூவா தலையா போட முடியுமா?

விவாகரத்து முடிந்துவிட்டது. ஆலிஸ் ஓர் ஊரில், பாப் இன்னோர் ஊரில். பாக்கி இருப்பது ஒரே ஒரு கார். நேரில் பார்த்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை. சரி, போனிலேயே பூவா தலையா போட்டு முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பாப் "தலை" என்கிறான். அந்தப் பக்கம் ஆலிஸ் காசைச் சுண்டுகிறாள். "பூ விழுந்திருக்கு. கார் எனக்கு!"

பாப் நம்புவானா? அந்த அளவுக்கு நம்பிக்கை மிச்சமிருந்தால் விவாகரத்து வரை போயிருக்காதே!

இந்தக் காட்சியை 1981-ல் தன் ஆய்வுக் கட்டுரையில் வைத்தவர் மானுவல் ப்ளம். அப்போது அமெரிக்காவின் பெர்க்லியில் கணினி அறிவியல் பேராசிரியர்; பின்னர் 1995-ல் டூரிங் விருது பெற்றவர்.

இதில் சிக்கல் காசில் இல்லை, வரிசையில் இருக்கிறது. யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் மாட்டிக்கொள்கிறார். பாப் முதலில் சொன்னால் ஆலிஸ் முடிவை மாற்றிச் சொல்வாள். ஆலிஸ் முதலில் சொன்னால் பாப் அதையே சொல்லி ஜெயித்துவிடுவான். ஆகவே ஆலிஸ் தன் முடிவை ஒரு கவரில் போட்டு ஒட்டி, அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவன் பிரித்துப் பார்க்கக் கூடாது. அவளும் உள்ளே இருப்பதை மாற்றக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'கமிட்மென்ட் ஸ்கீம்' என்று பெயர்.

போனில் கவரை எப்படிக் கொடுப்பது? ப்ளம் அதற்கு எண்களைப் பயன்படுத்தினார். அவருடைய முறை கொஞ்சம் நீளம். அதே அடிப்படையில் எளிதான ஒன்றைப் பார்க்கலாம்.

ஆலிஸ் இரண்டு பகா எண்களை, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்களை, மனதுக்குள் எடுத்துக்கொள்கிறாள். சிறிய எண் 1 அல்லது 3-ல் முடிந்தால் தலை. 7 அல்லது 9-ல் முடிந்தால் பூ. அவள் எடுத்தது 43, 47 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2021. போனில் சொல்வது இந்த 2021-ஐ மட்டும்தான். அதுதான் ஒட்டிய கவர்.

கடைசி இலக்கமான 1-ஐ வைத்து பாப் ஏதாவது ஊகிக்க முடியுமா? முடியாது. 3-ஐ 7-ஆல் பெருக்கினாலும் 1-ல்தான் முடியும். 7-ஐ 3-ஆல் பெருக்கினாலும் அப்படித்தான். சிறிய எண் எது என்று அதிலிருந்து தெரியாது. அவன் குருட்டாம்போக்கில் "பூ" என்கிறான். இப்போது ஆலிஸ் கவரைத் திறக்கிறாள்: "43, 47." பாப் பெருக்கிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. சிறியது 3-ல் முடிகிறது, ஆகவே தலை. கார் ஆலிஸுக்கு.

அவளால் மாற்றிச் சொல்லியிருக்க முடியாது. 2021-ஐ இரண்டு பகா எண்களாகப் பிரிக்க வேறு வழியே கிடையாது. பாப் தன் பங்குக்கு, வீட்டில் ஒரு காசைச் சுண்டிவிட்டு அதில் விழுந்ததைச் சொன்னால் போதும். ஆலிஸ் எந்த எண்ணை எடுத்திருந்தாலும் அவனுக்குச் சரிபாதி வாய்ப்பு.

ஆனால் ஓட்டைகள் உண்டு. ஆலிஸ் 1001 என்று சொல்கிறாள் என்று வையுங்கள். பாப் "தலை" என்றால், "7, 143" என்று திறப்பாள், அது பூ. அவன் "பூ" என்றால், "11, 91" என்பாள், அது தலை. எப்படியும் அவளே ஜெயிக்கிறாள்! 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கல். 143-உம் 91-உம் பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. ஆகவே பாப் பெருக்கிப் பார்த்தால் மட்டும் போதாது. இரண்டும் பகா எண்கள்தானா என்றும் சோதிக்க வேண்டும். 300 இலக்க எண்ணைக்கூட லேப்டாப் நொடியில் சோதித்துவிடும்.

இன்னொன்று, 2021-ஐ பள்ளிப் பிள்ளையே பிரித்துவிடும். கவர் கிழியாமல் இருக்க எண் பெரிதாக வேண்டும். 250 இலக்க எண் ஒன்றை 2020-ல் பிரித்தே விட்டார்கள். அதற்கு உலகெங்கும் ஏராளமான கணினிகள் சில மாதங்கள் ஓட வேண்டியிருந்தது. அதனால் இன்று 600 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கால் அடைக்க முடியாத ஓட்டையும் ஒன்று இருக்கிறது. பாப் "தலை" என்றதுமே தான் தோற்றுவிட்டது ஆலிஸுக்குத் தெரிந்துவிடும். "ஹலோ... ஹலோ... லைன் சரியில்லை" என்று அவள் போனை வைத்துவிட்டால்? எத்தனை சுற்றுகள் வைத்துப் பேசினாலும், இரண்டே பேர் ஆடும் ஆட்டத்தில் இந்தச் சாதகத்தை முழுசாக ஒழிக்க முடியாது என்று 1986-ல் ரிச்சர்ட் கிளீவ் நிரூபித்தார்.

ஆகவே 2021 என்று சொல்வதற்கு முன்பே அவர்கள் ஒன்றைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்: கவரைத் திறக்காமல் போனை வைப்பவருக்குக் கார் கிடையாது.