குகைக்குள் காணாமல் போன பாறைகள்

ஞாயிறு மாலை. அக்கா மகன் தன் ஸ்விட்ச் கன்சோலை டாக்கோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் டிவியில் மாட்டி அரை மணி நேரம் ஆடியிருப்பான். "மாமா, உங்க டிவில குகைக்குள்ள போனா ஒண்ணுமே தெரியல. எங்க வீட்டுல பாறையெல்லாம் தெரியும்."

போய்ப் பார்த்தேன். கையில் இருக்கும் பந்தத்தின் வெளிச்ச வட்டம் வரை படம் நன்றாக இருந்தது. அதைத் தாண்டினால் தார் பூசியது போல ஒரே கருப்பு. குகையை விட்டு வெளியே வரச் சொன்னேன். வானத்தில் மேகங்கள் இருந்தன, ஆனால் மேகத்துக்குள் மடிப்பு இல்லை. வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியது மாதிரி இருந்தது.

மேகத்தைப் பார்த்ததும்தான் சந்தேகம் தீர்ந்தது. டிவியில் பிரைட்னஸ் குறைந்திருந்தால் இருட்டு மட்டும்தான் கெடும். இருட்டும் வெளிச்சமும் ஒரே நேரத்தில், இரண்டு ஓரங்களிலும் தின்னப்பட்டிருந்தால் கன்சோலும் டிவியும் வேறு வேறு அளவுகோலில் பேசுகின்றன என்று அர்த்தம்.

*

அளவுகோல் என்றால் இதுதான். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வோர் எண் உண்டு. கணினி உலகத்தில் 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. இது ஃபுல் ரேஞ்ச். தொலைக்காட்சி உலகத்தில் கருப்பு 16-லும் வெள்ளை 235-லும் இருக்கிறது. இது லிமிடெட் ரேஞ்ச்.

தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் இடம் விட்டது வீணாக இல்லை. 1982-இல் ஸ்டுடியோக்களுக்கான டிஜிட்டல் தரத்தை வகுத்தபோது படம் இன்னும் அனலாக் கருவிகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அந்த சிக்னல் கருப்புக்குக் கொஞ்சம் கீழேயும் வெள்ளைக்குக் கொஞ்சம் மேலேயும் துள்ளும். அந்தத் துள்ளலை வெட்டிவிடாமல் தாங்க மேலும் கீழும் இடம் வேண்டியிருந்தது. 0, 255 இரண்டையும் படத்துக்கே கொடுக்காமல் வரிகளின் நேரக் குறியீட்டுக்கு ஒதுக்கிவைத்தார்கள். அனலாக் போய்விட்டது, 16-உம் 235-உம் நின்றுவிட்டன. இன்று நாம் பார்க்கும் ப்ளூ-ரே டிஸ்க்கும் டிவி ஒளிபரப்பும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

*

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது: கன்சோல் ஃபுல் ரேஞ்சில் அனுப்பியது, டிவி அதை லிமிடெட் என்று எடுத்துக்கொண்டது. 16 வரை எது வந்தாலும் டிவிக்கு அது கருப்பு. மீதியைத் தன் முழு அளவுக்கு இழுத்து விரித்துக்கொள்ளும்.

ஒரு பாறையை எடுத்துக்கொள்வோம். அதன் நிழல் பக்கம் 6, நடுவில் 14, வெளிச்சம் தொட்ட விளிம்பு 30 என்று ஆட்டம் வரைந்திருக்கிறது. டிவி 6-ஐயும் 14-ஐயும் ஒரே கருப்பாக்கிவிடும். 30-ஆவது தப்புமா என்றால், அதுவும் 16-ஆக இறங்கிவிடும். மூன்று படிகளில் தெரிந்த பாறை இப்போது மங்கலான ஒரு கோடு. மேகத்துக்கும் இதே கதி. 238, 245, 252 என்று இருந்த மடிப்புகள் எல்லாம் ஒரே வெள்ளை.

இந்தக் கோளாறு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நடுப்பகுதியை இழுத்து விரிப்பதால் படத்தின் கான்ட்ராஸ்ட் சுமார் 16 சதவீதம் கூடுகிறது. நிறங்கள் அடர்த்தியாகின்றன. கண்ணுக்கு முதல் பார்வையில் இது நல்ல படமாகத்தான் தெரியும். "என் டிவில கருப்பு எப்படி இருக்கு பாரு" என்று பெருமையாகக் காட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காட்டிய கருப்புக்குள் ஓர் அறை, ஒரு படிக்கட்டு, ஒரு கதவு இருந்தது.

*

கன்சோலில் System Settings-க்குள் டிவிக்கான பகுதியில் `RGB Range` என்று ஒன்று உண்டு. Automatic, Full, Limited என்று மூன்று தேர்வுகள். பையனுடையதில் Full இருந்தது. அவன் வீட்டில் டிவி இல்லாத அறையில் கணினி மானிட்டரில் ஆடுகிறான், அதற்கு அதுதான் சரி. அமைப்பு கன்சோலுக்குள் இருப்பதால் டாக்கோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

எங்கள் டிவியில் `HDMI Black Level` என்பது Low-இல் இருந்தது. எப்போதோ செட்டாப் பாக்ஸுக்காக நான் வைத்தது. இந்தப் பெயரில்தான் பாதிக் குழப்பம். கருப்பின் அளவை ஏற்றி இறக்கும் பொத்தான் என்று நினைக்கத் தோன்றும். அது அல்ல, வரும் சிக்னலை எந்த அளவுகோலில் படிப்பது என்பதைச் சொல்லும் இடம் அது. சாம்சங் டிவியில் Low என்றால் லிமிடெட், Normal என்றால் ஃபுல். எல்ஜியில் Low என்றால் லிமிடெட், High என்றால் ஃபுல். சோனி மட்டும் Full, Limited என்று உள்ளபடியே எழுதிவிடுகிறது. மற்றவர்களும் அப்படியே எழுதியிருக்கலாம்.

கன்சோலைத் தொடவில்லை. அவன் மாட்டியிருந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மட்டும் Normal வைத்தேன். குகைச் சுவர் வந்தது. பாறைகளுக்கு இடையில் ஒரு ஏணி இருந்ததை அப்போதுதான் இருவருமே பார்த்தோம்.

*

வேலை அத்தோடு முடியவில்லை. குகை இப்போது தெரிந்தது, ஆனால் பனி மூட்டம் போட்டது போல. ஏன் என்று கேட்டபோது சொன்னான்: இருட்டாக இருந்ததால் ஆட்டத்துக்குள் இருக்கும் பிரைட்னஸை முதலிலேயே ஏற்றிவைத்திருக்கிறான். ஆட்டம் தொடங்கும்போது ஓர் உருவத்தைக் காட்டி, "இது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் இருக்கும்வரை குறையுங்கள்" என்று கேட்குமே, அந்த இடம். அளவுகோல் பொருந்தாத திரையில் அதைச் சரிசெய்தால் ஒரு தப்பின் மேல் இன்னொரு தப்பு ஏறும். கன்சோலையும் டிவியையும் ஒத்துப்போக வைத்த பிறகு ஆட்டத்தின் பிரைட்னஸை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட வேண்டும். இதை மறந்திருந்தால் அவன் வீட்டு மானிட்டரில் படம் வெளுத்திருக்கும், குற்றம் மானிட்டர் மேல் விழுந்திருக்கும்.

டிவியின் பிரைட்னஸை ஏற்றிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சில டிவிகள் 16-க்குக் கீழே வந்ததை உள்ளே வைத்திருக்கும், அவற்றில் பாறை கொஞ்சம் மீண்டு வரும். வெட்டிவிடும் டிவியில் மொத்தச் சுவரும் சாம்பலாகும், பாறை வராது. இரண்டிலுமே அந்தப் போர்ட்டின் படம் மற்ற எல்லாவற்றுக்கும் கெட்டுப்போகும்.

*

இதற்கு நேர்மாறான கோளாறும் அதே பையனுக்கு முன்பு வந்ததுதான். மானிட்டர் வாங்கிய புதிதில் கன்சோல் Automatic-இல் இருந்தது. லிமிடெட்டில் அனுப்பியது, மானிட்டர் ஃபுல் என்று படித்தது. கருப்பு 16-ஆக வந்து 16-ஆகவே தெரிந்தது, அதாவது அடர்சாம்பல். வெள்ளை 235-ஓடு நின்றது. படம் முழுக்கப் பால் கலந்தது போல.

கணக்குப் போட்டால் இழப்பு எவ்வளவு பெரியது என்று புரியும். பேனல் 3000:1 கான்ட்ராஸ்ட் உள்ளது, முழு வெள்ளையில் 300 நிட் வெளிச்சம் தரும் என்று வைப்போம். அதன் கருப்பு 0.1 நிட். 16 என்ற எண்ணை ஒளியாக்கினால் அதற்கு மேல் சுமார் 0.7 நிட் சேர்கிறது. வெள்ளையோ 250-க்கு இறங்குகிறது. 250-ஐ 0.8-ஆல் வகுத்தால் 310 சொச்சம். மூவாயிரத்துக்குக் காசு கொடுத்து முந்நூறைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனல் மட்டமானது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அக்கா கிளம்பிவிட்டாள்.

கண்டுபிடிக்க நான் செய்தது எளிய வழி. மானிட்டரின் சொந்த மெனுவில் படத்தின் வடிவத்தை 4:3 ஆக்கினேன். இடமும் வலமும் இரண்டு கருப்புப் பட்டைகள் வந்தன. அவற்றை வரைவது மானிட்டர், கன்சோல் அல்ல. ஆகவே அது பேனலின் உண்மையான கருப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு மாறும்போது திரை முழுக்கக் கருப்பாகும் நொடிக்குக் காத்திருந்தோம். நடுவில் சாம்பல், ஓரத்தில் கருப்பு, இடையில் கத்தியால் கீறியது போல் ஒரு கோடு. `RGB Range`-ஐ Full ஆக்கினதும் கோடு மறைந்தது.

*

Automatic ஏன் தவறுகிறது? எச்டிஎம்ஐ கம்பியில் படத்தோடு ஒரு சிறு குறிப்பும் போகிறது. இது ஃபுல், இது லிமிடெட், அல்லது வழக்கப்படி வைத்துக்கொள் என்று அது சொல்லும். 1080p போன்ற டிவி அளவுகளுக்கு வழக்கம் லிமிடெட். ஆனால் மானிட்டர்களில் பல எதைக் கொடுத்தாலும் கணினியிலிருந்து வந்தது என்றே எடுத்துக்கொண்டு ஃபுல்லாகப் படிக்கும். கன்சோல் விதிப்படி நடக்கிறது, மானிட்டர் தன் பழக்கப்படி நடக்கிறது.

*

ஃபுல் என்ற பெயரைப் பார்த்து அதுதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஃபுல் என்றாலும், இரண்டு பக்கமும் லிமிடெட் என்றாலும், கருப்பு அதே கருப்பு, வெள்ளை அதே வெள்ளை. நடுவில் இருக்கும் படிகள் மட்டும் 256, 220 என்று வேறுபடும். வானத்தின் நீலம் மெல்ல மாறும் இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தால் எப்போதாவது தெரியலாம். டிவிக்கு இரண்டிலும் லிமிடெட், மானிட்டருக்கு இரண்டிலும் ஃபுல் என்பதே என் தீர்ப்பு. எந்த டிவியும் லிமிடெட்டைத் தப்பாகப் படிப்பது அரிது.

டிவியில் இந்தத் தேர்வு மங்கிக் கிடந்து தொட முடியாமல் இருந்தால், வருவது ஆர்ஜிபி சிக்னல் இல்லை என்று பொருள். எச்டிஆர் ஆட்டங்களில் அப்படி நடக்கும். அங்கே இந்த அமைப்புக்கு வேலை இல்லை. கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும்.

புது மானிட்டர் வெளுத்துத் தெரிகிறதா? பெட்டியைத் திரும்பக் கட்டும் முன் கன்சோலில் `RGB Range`-ஐ ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.